இந்தியாவுலதான் சார்!

நெய்வேலியில் வட்டத்துக்கு ஒருவராவது இப்படி இருப்பார். சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்து ரிடையர் ஆனவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்து இந்திரா நகரில் வீடு கட்டிக்கொண்டாலும், சாயங்காலம் டீக்கு மெயின் பஜாருக்கு வந்துவிடுவார். வந்ததும் கேட்பார்: "சார், இது லீகலா?"

எது, எங்கே என்பதையெல்லாம் நாம்தான் பிடுங்க வேண்டும். போன வாரக் கேள்வி, "ரெண்டு பாட்டில் காருல எடுத்துட்டு வரலாமா?"

பாண்டிச்சேரி மச்சானுக்குப் போன் போட்டிருக்கிறார். "தாராளமா மாமா" என்றிருக்கிறான். பெங்களூரு மகனும் "அதுல என்னப்பா இருக்கு?" என்றுவிட்டான். அகமதாபாத் மருமகன் பதறி, "நினைக்கவே நினைக்காதீங்க மாமா, பெர்மிட் இல்லாம தொட்டா கேஸு" என்றாராம். மூவரும் அவரவர் ஊர் சட்டத்தைச் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். நம்மவர் கணக்கோ வேறு: "ரெண்டு பேர் சரிங்கறாங்க, ஒருத்தர் தப்புங்கறார். அப்ப மெஜாரிட்டி சரிதானே?"

டீக்கடைக்கு வந்த கடலூர் வக்கீல் ஒருவர் மாட்டினார்.

"எந்த இடத்துலங்க?"

"இந்தியாவுலதான் சார்!" முகம் சுருங்கிவிட்டது. தேசபக்தியைச் சந்தேகித்துவிட்டார்களாம்.

வக்கீல் பொறுமைசாலி. மது மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஊருக்கு ஊர் சட்டம் மாறும் என்றார். பாண்டிச்சேரிக் கடையில் வாங்குவது அந்த ஊர் சட்டப்படி சரி. அதே பாட்டில் முள்ளோடையைத் தாண்டி ஆல்பேட்டை செக்போஸ்டுக்கு வந்தால், தமிழ்நாட்டுக்கு வரி கட்டாத சரக்கு. இங்கே 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. அனுமதியில்லாமல் கொண்டுவந்தால் ஆள் மேல் கேஸ், வண்டியும் பறிமுதலாகலாம். போலீஸ் மூடியைத் திறந்து மோந்து பார்க்க வேண்டியதில்லை. புதுச்சேரியில் மட்டும் விற்பனைக்கு என்று லேபிளிலேயே அச்சடித்திருக்கும்.

"பில்லு இருந்தா?"

"ரொம்ப நல்லது. எங்க வாங்கினீங்கன்னு அவங்க நிரூபிக்கிற வேலை மிச்சம்."

நம்மவர் விடுவாரா? "கேரளா லாட்டரி?" அங்கே அரசாங்கமே விற்கிறது, இங்கே 2003-லேயே தடை, விற்றால் பிடிப்பார்கள். "பத்தொன்பது வயசுப் பையன் குடிச்சா?" பாண்டியில் பதினெட்டு போதும், இங்கே இருபத்தொன்று ஆக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வக்கீல் "எங்கே?" என்று கேட்க, நம்மவர் "பொதுவா சொல்லுங்க சார்" என்று மன்றாட, டீ ஆறிப்போனது.

கடைசியாக ஒன்று கேட்டார். "வீட்டுல கூண்டுல பச்சைக்கிளி வளர்க்கலாமா?"

வக்கீல் முகம் மலர்ந்தது. "கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். மத்திய அரசு சட்டம். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரைக்கும் குற்றம்தான்."

நம்மவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அது சரி சார். நம்ம டவுன்ஷிப்புக்குள்ள?"