காலி ஹாலுக்கு ஒரு கேப்ஷன்

வீடு காலி செய்கிற எல்லோரும் கடைசியாக ஒரு போட்டோ எடுக்கிறார்கள். கட்டிலும் பீரோவும் வண்டியில் ஏறிய பிறகு, வெறும் ஹாலை வாசலில் நின்றபடி ஒரு க்ளிக். ‘சுவர்களுக்கும் நினைவுண்டு’ என்று எழுதி ஸ்டேட்டஸில் போடுகிறார்கள். சுவருக்கு இருக்கிறதோ இல்லையோ, ஹவுஸ் ஓனருக்கு இருக்கிறது. எந்த ஆணி யார் காலத்தது என்பது வரை சொல்வார்.

நானும் எடுத்தேன். “என்ன கேப்ஷன்ப்பா போடட்டும்?” என்றாள் மகள்.

“எழுதிக்கோ. இன்றைய தேதி, நேரம், இ.பி. மீட்டர் ரீடிங். ஜன்னலோரச் சுவரில் ஆணி ஓட்டை இரண்டு, எங்களுடையது. மேலே இருக்கும் ஏ.சி. பைப் ஓட்டை முன்பு குடியிருந்தவர் உபயம்.”

“அப்பா, இது கேப்ஷன் இல்ல, எஃப்.ஐ.ஆர்.”

அவளுக்கு என்ன தெரியும்? சென்னை வழக்கப்படி வாடகை 15,000 என்றால் பத்து மாத அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். அதில் எவ்வளவு திரும்பி வரும் என்பதை அந்தச் சுவர்தான் முடிவு செய்கிறது. ஓனர் வந்தார். காலண்டர் தொங்கிய இடம் மட்டும் சதுரமாகப் பளிச்சென்று இருந்தது. “பாருங்க சார், நான் கொடுத்த கலர் இதுதான்” என்று அதைத் தொட்டுக் காட்டினார். மற்ற இடமெல்லாம் வெயிலில் வெளுத்ததற்கும் நாங்கள்தான் பொறுப்பாம். பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகை, 15,000 போயிற்று. தினமும் தேதி கிழித்த காலண்டர், போகும்போது எங்கள் பையையும் கிழித்துவிட்டது.

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் நம் பக்கம் கொஞ்சம் கருணையாகத்தான் இருக்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நாம் தர வேண்டிய பாக்கி போக மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும். குழாய் வாஷர் மாற்றுவது நம் வேலை; வெள்ளையடிப்பது ஓனர் வேலை. இதை நான் எடுத்துச் சொன்னதும் அவர் பதறாமல் அக்ரிமென்ட்டின் மூன்றாம் பக்கத்தைப் புரட்டினார். அந்த ‘வேறு ஒப்பந்தம்’ அங்கே என் கையெழுத்தோடு சௌக்கியமாக இருந்தது.

ஏ.சி. ஓட்டைக்கு மட்டும் அவரால் பணம் பிடிக்க முடியவில்லை. குடிவந்த அன்றே அதைப் படம் எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். இரண்டு நீல டிக்கும் அப்படியே இருந்தன.

காலி அறையின் படத்துக்கு மதிப்பு, போகிற அன்றைவிட வருகிற அன்றுதான் அதிகம். புது வீட்டில் பால் காய்ச்சும்போது பொங்கும் பாலை மட்டும் எடுக்காதீர்கள். பின்னால் இருக்கும் சுவரும் படத்தில் விழட்டும்.