சி-60 சிநேகம்

மூன்று நிமிஷத்துக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தாலே ‘இவனுக்கு வேறு வேலையே இல்லையா’ என்று நமக்கு எரிச்சல் வருகிறது. என் சித்தப்பாவுக்கு அறுபது நிமிஷத்துக்கு வரும். குவைத்தில் ஏசி மெக்கானிக்காக இருந்த அவருடைய சிநேகிதர் அனுப்புவார். அதை இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் சித்தப்பா சாப்பிட உட்காருவார். ஐம்பத்தேழாவது நிமிஷத்தில் ‘சரி மச்சி, விஷயத்துக்கு வரேன்’ என்று குவைத் சொல்லும். டேப் தீர்ந்துவிடும்.

இதெல்லாம் எண்பதுகளின் அல்சூர். பெங்களூரின் இன்னொரு கோடியில், 1948ல் தொடங்கிய அரசாங்க ஃபாக்டரி நாட்டுக்கே டெலிபோன் செய்துகொண்டிருந்தது. அந்த இடத்துக்குப் பெயரே தூரவாணி நகர். சித்தப்பாவுக்கு வேலையும் அங்கேதான். ஆயிரக்கணக்கான போன்கள் அவர் கை வழியாகப் போயின. வீட்டில் ஒன்றுகூட இல்லை. அந்தக் காலத்தில் நாட்டில் யார் மனு போட்டாலும் கனெக்‌ஷன் வர வருஷக்கணக்காகும். பம்பாயிலிருந்து லண்டனுக்கு நேராக டயல் செய்யும் வசதி 1976லேயே வந்துவிட்டதுதான். ஆனால் அல்சூரிலிருந்து குவைத்துக்குப் பேச டிரங்க் கால் புக் பண்ணிவிட்டுக் காத்திருக்க வேண்டும். லைன் கிடைத்ததும் தெருவே கேட்கிற மாதிரி ‘நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்’ என்று கத்த வேண்டும். மூன்று நிமிஷம் முடிந்துவிடும். நல்லா இருக்கிற செய்திக்கே சம்பளம் பத்தாது.

கடிதம் எழுதியிருக்கலாமே என்பீர்கள். அங்கேதான் பெங்களூர்த் தமிழனின் சிக்கல். இருவரும் படித்தது கன்னட மீடியம். தமிழில் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், சினிமா வசனம் முழுசாக ஒப்பிப்பார்கள். எழுதச் சொன்னால் ‘ழ’வைப் பார்த்ததும் ஓட்டம். கன்னடத்தில் எழுதிப் பார்த்தார்கள். ஹெட்மாஸ்டருக்கு லீவு லெட்டர் எழுதினாற்போல வந்ததாம். அப்போதுதான் குவைத்திலிருந்து யாரோ ஒரு டூ-இன்-ஒன்னும் ஒரு கேசட்டும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

கடிதத்தைப் பேசியே அனுப்பலாம் என்பது எடிசனுக்கு முன்பே தெரியும். பாடும் பெட்டியைக் கண்டுபிடித்தவர், 1878ல் அது எதற்கெல்லாம் உதவும் என்று பட்டியல் போட்டபோது முதலில் எழுதியது பாட்டை அல்ல, கடிதத்தை. உலகம் அவர் பேச்சைக் கேட்காமல் பாட்டுப் பக்கம் போய்விட்டது. வளைகுடாவுக்குப் போன நம் ஆட்கள்தான் மனிதர் சொன்னபடி நடந்தார்கள்.

சி-60 கேசட்டில் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். உள்ளே சுமார் 90 மீட்டர் டேப். சி-90 இன்னும் நீளம், அதனால் இன்னும் மெல்லிசு. மலிவான செட்டில் போட்டால் ரோலரில் சுற்றிக்கொள்ளும், பிறகு பென்சிலும் கையுமாக உட்கார வேண்டியதுதான். எனவே சி-60 என்று இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. தபாலில் அனுப்புவதில்லை. ஊருக்கு வருகிறவர் பெட்டியில், சட்டைக்கும் சோப்புக்கும் நடுவில் பயணம். குவைத் பேசி அனுப்பிய கேசட்டின் மேலேயே சித்தப்பா பதில் பேசி, போகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புவார்.

புதுக் கேசட் வாங்கும் செலவு மிச்சம். சரித்திரம்தான் போச்சு. புதுக் குரல் ஏறும்முன் அழிக்கும் ஹெட் பழைய குரலைத் துடைத்துவிடும். ஏழெட்டு வருஷ சிநேகம் இரண்டே கேசட்டில், ஒன்றன்மேல் ஒன்றாக அழிந்து அழிந்து நடந்தது. ஆகவே நான் இங்கே சொல்வதற்கு ஆதாரம் கேட்காதீர்கள். எல்லாம் சித்தி வாய்மொழி.

ஒருமுறை குவைத்தின் குரல் கேசட் ஆரம்பத்தில் சிவாஜி மாதிரி கம்பீரமாக இருந்தது. போகப்போக மெலிந்து, முடிவில் மூஞ்சூறு கீச்சிட்டது. பாலைவனக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று பாட்டி கற்பூரம் ஏற்றினாள். சித்தப்பா ஃபாக்டரி ஆள் அல்லவா, முதலில் ஒரு சினிமாப் பாட்டுக் கேசட்டைப் போட்டார். பாட்டு சரியாக வந்தது. ஆகவே கோளாறு நம் செட்டில் இல்லை, அங்கே பதிவு செய்யும்போது பேட்டரி தீர்ந்திருக்கிறது. டேப் நொடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும். அங்கே மோட்டார் சோர்ந்து 4 செ.மீ.தான் ஓடியிருந்தால், இங்கே சரியான வேகத்தில் போடும்போது முப்பது நிமிஷப் பேச்சு இருபத்தைந்து நிமிஷத்தில் முடிந்துவிடும், குரலும் அதே அளவுக்கு ஏறிவிடும். வைத்தியம் எளிது. டார்ச்சில் கிடந்த செத்த பேட்டரிகளை எடுத்து டூ-இன்-ஒன்னில் போட்டார். இங்கேயும் மோட்டார் தளர்ந்தது. மூஞ்சூறு மறுபடி மனிதரானார்.

இன்னொரு விசேஷம். அந்தச் செட்களில் ரெக்கார்டிங் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் குமிழ் கிடையாது. செட் தானே பார்த்துக்கொள்ளும். நாம் உரக்கப் பேசினால் அடக்கும். வாயை மூடினால், என்னவோ சொல்ல வருகிறான் என்று காதைத் தீட்டிக்கொண்டு, கிடைத்த சத்தத்தையெல்லாம் பெரிதாக்கும். சித்தப்பா அடுத்து என்ன சொல்லலாம் என்று யோசிக்கும் ஒவ்வொரு இடைவெளியிலும் ஃபேன் கறகறத்தது, குக்கர் கூவியது, சோமேஸ்வரர் கோயில் மணி அடித்தது, பக்கத்து வீட்டுக் குழாயடிச் சண்டை கன்னடம், தமிழ், தெலுங்கு மூன்றிலும் தெளிவாகக் கேட்டது. பேச ஆரம்பித்ததும் முதல் வார்த்தை மட்டும் வெடிக்கும், பிறகு எல்லாம் பின்னால் போய்விடும்.

அடுத்த கேசட்டில் குவைத் கேட்டது: ‘மச்சி, நீ பேசறது போதும். ரெக்கார்ட் பட்டனை அமுக்கிட்டு பத்து நிமிஷம் சும்மா இரு. அந்தக் குழாயடிச் சண்டை என்னாச்சுன்னு தெரியணும்.’ சித்தப்பாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. ஆனாலும் ஜன்னல் ஓரமாகச் செட்டை வைத்து, பத்து நிமிஷம் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். சித்தி கல்யாணமாகி வந்ததிலிருந்து அப்படி ஒரு பத்து நிமிஷத்தைப் பார்த்ததில்லையாம்.

1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி சதாம் உசேனுக்குக் குவைத் தேவைப்பட்டது. அடுத்த இரண்டு மாதங்களில் ஏர் இந்தியா அம்மானிலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஊருக்குக் கொண்டுவந்தது. அதில் நம் ஏசி மெக்கானிக்கும் ஒருவர். கையில் ஒரு பை, பைக்குள் இரண்டு சட்டை, ஒரு கேசட். ஜூலையில் பேசிவைத்தது, கொடுத்தனுப்ப ஆள் அமையாமல் தானே சுமந்து வந்திருக்கிறார். எதிரில் உட்கார்ந்திருக்கும்போது எதற்கு என்று சித்தப்பா சொல்லிப் பார்த்தார். ‘கஷ்டப்பட்டுப் பேசியிருக்கேன், கேளு’ என்று பிடிவாதம். இருவரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டார்கள். ‘இங்கே ஒரு பிரச்னையும் இல்ல மச்சி, ரொம்ப நிம்மதியா இருக்கு’ என்றது கேசட்.

போர் ஓய்ந்ததும் அவர் மறுபடி கிளம்பிப் போனார். கேசட்டும் கொஞ்ச காலம் போய்வந்தது. 1991ல் அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவருக்குச் சிலை வைத்து, எதிர்ப்பு கிளம்பியதால் மூடியே வைத்துவிட்டார்கள். சித்தப்பாவின் ஒவ்வொரு கேசட்டும் ‘வள்ளுவர் இன்னும் மூட்டைக்குள்ளதான் இருக்கார்’ என்று முடியும். பிறகு தெருவுக்குத் தெரு ஐஎஸ்டி பூத் வந்தது, பேச்சு சுருங்கியது. 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி, பதினெட்டு வருஷம் கழித்து வள்ளுவர் வெளியே வந்த சேதி செல்போனில் அரை நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தது.

இன்று வீட்டில் மிஞ்சியிருப்பது அந்த ஜூலை கேசட் ஒன்றுதான். அது பிழைத்ததற்குக் காரணம், கேட்டு முடித்ததும் சித்தப்பா அதன் முதுகிலிருந்த இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்களையும் உடைத்துவிட்டார். அதன்பிறகு ரெக்கார்ட் பட்டன் அமுங்காது. உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று கிடக்கலாம். கிடைத்தால் ஆர்வத்தில் உடனே போட்டுவிடாதீர்கள். முதலில் அந்தப் பற்களை உடையுங்கள். செட்டின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள். டேப்பை ஒருமுறை கடைசி வரை ஓட்டித் திருப்பிச் சுற்றிவிட்டுப் பிறகு கேளுங்கள். கேட்கும்போதே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள்.