சாமிகளும் ஊரில் இல்லாத நாள்

தமிழ்நாட்டில் பொங்கலுக்குத் தனியாக இருக்கவே கூடாத இடம் ஒன்று உண்டென்றால், அது விழுப்புரம் பக்கம்தான். சென்னையிலிருந்து தெற்கே போகிற பேருந்துகளில் பாதிக்கு மேல் திண்டிவனம் தாண்டி இந்த வழியாகத்தான் போகும். எழும்பூரிலிருந்து கிளம்புகிற கன்னியாகுமரி எக்ஸ்பிரஸும் அப்படித்தான். முண்டியம்பாக்கத்தில் பயிற்சி மருத்துவராக இருந்த நான், போகிப் பண்டிகைக்கு முந்தைய இரவு விடுதி மாடியில் நின்று, ஊருக்குப் போகிற சனங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஊர் நாகர்கோவில். பொங்கல் டியூட்டிக்குச் சீட்டுக் குலுக்கியபோது என் பெயர் வந்துவிட்டது.

சென்னையில் வேலை பார்க்கும் அண்ணன் வேறு போனில் நேர்முக வர்ணனை கொடுத்தான்.

“திண்டிவனம் தாண்டியாச்சு மக்கா. உன் ஆஸ்பத்திரி வந்தா கையாட்டுதேன், பாத்துக்கோ.”

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டிகள் நின்ற நிற்பில் அவன் தூங்கிப்போனான். எந்தப் பேருந்து என்று தெரியாமல் நான் எல்லாப் பேருந்துக்கும் கையாட்டினேன். எதிரே கரும்பு டிராக்டர்காரர் ஒருவர் மட்டும் பதிலுக்கு ஆட்டினார். அவரும் சர்க்கரை ஆலை வாசலில் வரிசையில் காத்துக் கிடந்தவர்.

பொங்கலன்று அவசரப் பிரிவில் கரும்பு சீவும்போது விரலையும் சேர்த்துச் சீவியவர்கள் வந்தார்கள். பொங்கிய பானையைத் துணியில்லாமல் பிடித்தவர்கள் வந்தார்கள். அவர்கள் வீட்டில் பொங்கல் நன்றாகப் பொங்கியதா என்று எல்லாரிடமும் கேட்டேன். வேறு எப்படித்தான் கொண்டாடுவது?

காணும் பொங்கலும் முடிந்து, அப்பாடா என்று மூச்சுவிட்டபோது வார்டு அக்கா கேட்டார்.

“ஏன் டாக்டரம்மா, நாளன்னிக்கு லீவுதானே? எங்ககூட ஆத்துக்கு வந்துடு.”

“பொங்கல்தான் முடிஞ்சு போச்சே அக்கா?”

“எங்க முடிஞ்சுது? ஆத்துத் திருவிழா இருக்குதே!”

தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா. விழுப்புரம், கடலூர் பக்கத்தவர்களுக்குப் பொங்கல் அன்றைக்குத்தான் நிறையும். எங்கள் தெற்கில் அப்படியொரு நாளைக் கேள்விப்பட்டதே இல்லை. விழுப்புரத்தைத் தாண்டித் திருச்சி சாலையில், தென்பெண்ணைக்கு இந்தக் கரையில் பிடாகம், அந்தக் கரையில் பேரங்கியூர். சுற்றுவட்டார மாரியம்மன், முருகன், பெருமாள் எல்லாரும் டிராக்டரிலும் மினி லாரியிலும் ஏறி மணலுக்கு வந்துவிட்டார்கள். தீர்த்தவாரி முடிந்து மாலைதான் வீடு திரும்புவார்களாம். எந்தச் சாமியும் தன் ஊரில் இல்லை என்று பார்த்ததும் எனக்கு மனசு பெரிதும் ஆறியது.

ஆற்றில் இறங்குமுன் அக்கா எச்சரித்தார். மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே பார்த்தால் தெரியாதாம். “பச்சையா தேங்கி நிக்கிற தண்ணியில கால் வெக்காத. ஓடுற தண்ணியில, பாதம் தெரியிற எடத்துல மட்டும் நில்லு.” காவலர்கள் ஒலிபெருக்கியில் சொன்னதைவிட இது தெளிவாக இருந்தது.

பிறகு புளிச்சோற்றுத் தூக்கைத் திறந்தார்கள். கூடவே சுருளிக்கிழங்கு. இந்தத் திருவிழாவுக்கென்றே மணலில் குவித்து விற்கிறார்கள். எங்கள் ஊர்ப் பொங்கலுக்குச் சிறுகிழங்கு இல்லாமல் முடியாது; அதைச் சாக்கில் போட்டு அடித்துத் தேய்த்துத் தோலை உரிப்பதற்குள் கை கறுத்துவிடும். அது துளசிக் குடும்பத்துச் செடி, வாசனையே கிறங்க வைக்கும். இதுவோ கொடியில் விளையும் வள்ளியினம். உப்புப் போட்டு வேகவைத்தால் விரலால் தள்ளியதும் தோல் கழன்று வருகிறது. வாசனையில் எங்கள் கிழங்குதான் மேல் என்று இப்போதும் சொல்வேன். ஆனால் உரிக்கும் வேலையைக் கணக்கில் எடுத்தால் விழுப்புரத்துக்காரர்கள் புத்திசாலிகள்.

அதற்குள் அக்கா பக்கத்துப் பாய்க்காரர்களிடம், “நம்ம டாக்டரம்மா” என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்துவிட்டார். முதலில் ஒரு ஆயா வந்து முட்டியை நீட்டினார். பின்னாலேயே இன்னொரு முட்டி. அதன்பின் இடுப்பு, சர்க்கரை, மருமகளுடைய தைராய்டு. ஸ்டெதஸ்கோப் இல்லை, சீட்டு இல்லை, மணலில் ஓ.பி. நடந்தது. கட்டணமாக வந்த கிழங்கைத் தூக்க ஒரு பை தேவைப்பட்டது. எல்லாரிடமும், “வலி குறையலைன்னா முண்டியம்பாக்கம் வந்து எலும்புப் பிரிவுல காட்டுங்க” என்று சொல்லிவைத்தேன்.

அடுத்த வாரம் எலும்புப் பிரிவுத் தலைவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். வெளியே பெஞ்சு நிறைய ஆயாக்கள். ஊசி போட்டுக்கொள்ளவும் மாட்டேன், எக்ஸ்ரே எடுக்கவும் மாட்டேன், ஆத்துல பார்த்த பெரிய டாக்டரம்மா வந்து சொன்னால்தான் என்று உட்கார்ந்திருந்தார்கள்.

“யாரம்மா அந்தப் பெரிய டாக்டர்?” என்றார் தலைவர்.

முன்வரிசை ஆயா அதற்குள் என்னைப் பார்த்துவிட்டு, மடியிலிருந்து கிழங்குப் பொட்டலத்தை எடுத்தார்.