மறுபிறவி எடுத்த மாத்திரை

மனிதனுக்கு மறுபிறவி உண்டா என்று தெரியாது. மாத்திரைக்கு உண்டு என்பதைச் சென்னை 2010-லேயே நிரூபித்துவிட்டது. கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குப் போன காலாவதி மருந்துகள் புதுத் தேதி ஒட்டிக்கொண்டு கடைக்குத் திரும்பின. இன்றைக்கென்றால் கடைவரை நடக்கும் சிரமம்கூட இல்லை. ஆன்லைனில் ஆர்டர் செய்தால் மாத்திரை தாம்பரம் அபார்ட்மென்ட் வாசலுக்கே வந்து ஓ.டி.பி. கேட்கும்.

நாமும் தள்ளுபடி சரியாகக் கழிந்ததா என்று பார்ப்போம். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்க்க மாட்டோம். பில்லில் கடையின் மருந்து உரிம எண் இருக்க வேண்டும். அதிலுள்ள பேட்ச் எண்ணும் காலாவதி மாதமும் அட்டையில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். 2023 ஆகஸ்ட் முதல் தயாரான 300 முன்னணி பிராண்டுகளில் கியூ.ஆர். குறியீடும் கட்டாயம். ஸ்கேன் செய்தால் அதே எண்ணும் தேதியும் வர வேண்டும்; தேதியைச் சுரண்டியவருக்கு இது கொஞ்சம் இடைஞ்சல்தான். மருந்தோடு சத்துப் பவுடரும் வாங்கினால், அந்த டப்பாவில் பார்க்க வேண்டியது 14 இலக்க உணவு உரிம எண்.

வாட்ஸ்அப் குரூப்பில் "ஃபாரின் சரக்கு சார்" என்று விற்பவரிடம் பில், பேட்ச், உரிமம் எதுவும் கிடைக்காது. குட் மார்னிங் மட்டும் தினமும் தவறாமல் வரும்.