ஆயாவின் கழுதை பிரெஞ்சில் தெள்ளுப்பூச்சியான வரலாறு: ஓர் ஆய்வு

ஆய்வுப் பரப்பு ஒரே ஒரு வசனம். என் கதையொன்றில், புதுச்சேரித் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆயா, பாரிசிலிருந்து வந்து இறங்கிய பேத்தியைப் பார்த்து, "வாடி என் அம்மா! கழுதைக்கு இப்பதான் வழி தெரிஞ்சிதா? எதனா துன்னியா?" என்கிறாள். பேத்திக்குப் பிரெஞ்சு மட்டுமே தெரியும். இந்தக் காட்சியை நண்பர் ஒருவர் பிரெஞ்சில் பெயர்க்க முனைந்ததால் இந்த ஆய்வு பிறந்தது.

'டி': பிரெஞ்சில் இல்லை. 'தூ' என்று ஒருமையில் அழைக்கலாம். ஆனால் அங்கே பேத்தியும் ஆயாவைத் 'தூ' என்றே கூப்பிடுவாள்.

'என் அம்மா': 'மா மேர்' என்று போட்டால் வாசகர் வம்சாவளி வரையத் தொடங்கிவிடுவார்.

'கழுதை': இங்கேதான் புலமைக்கு வேலை. பிரெஞ்சில் 'ஆன்' என்றால் கழுதை மட்டுமல்ல, மக்கும்கூட. அந்தக் காலத்துப் பள்ளிகளில் படிக்காத பிள்ளைக்குக் கழுதைக் காது வைத்த குல்லா மாட்டுவார்கள். ஆகவே ஆயா கொஞ்சினால் அங்கே குல்லா விழும். செல்லமாகக் கூப்பிட அவர்கள் வைத்திருப்பவற்றில் இரண்டைப் பார்த்தோம். ஒன்று 'மோன் ஷூ', அதாவது என் முட்டைக்கோஸ். கோஸ் அவர்கள் இலக்கணத்தில் ஆண்பால் என்பதால், பெண் குழந்தையைக் கொஞ்சினாலும் 'மோன்'தான். மற்றது 'மா ப்யூஸ்', என் தெள்ளுப்பூச்சி. நண்பர் பூச்சியைத் தேர்ந்தார். சுமை தூக்கும் பிராணி இப்படித் துள்ளும் பிராணியானதை "எடை இழப்புக் கோட்பாடு" என்பர் (எதிர்வீட்டு அக்கா, துணி காயப்போட்டபடி ஆற்றிய மாடி உரை, இரண்டாம் பதிப்பு, மழையால் பாதியில் நின்றது). மறுப்போரும் உளர் (மேற்படி அக்காவின் மாமியார், அதே மாடி, உரத்த குரலில், மேற்கோள் காட்டத் தகாதது). மூலத்தைப் படிக்காமலே முன்னுரை எழுதும் பேராசிரியர்கள் இதுவரை எந்தப் பக்கமும் சேரவில்லை.

இவ்வளவும் முடிந்தபின்தான் பெரிய ஓட்டை தெரிந்தது. மூலத்தில் பேத்தி முழித்து, "கொவா?" என்கிறாள். பெயர்ப்பில் ஆயாவும் நல்ல பிரெஞ்சில் பேசுகிறாள். பிறகு குழந்தை ஏன் முழிக்க வேண்டும்? காது மந்தமா?

நண்பர் பூச்சியைக் கொன்றார். ஆயாவின் வசனத்தை அப்படியே தமிழிலேயே, ரோமன் எழுத்தில் விட்டார். அடிக்குறிப்பு வேண்டும் என்று பதிப்பாசிரியர் கேட்டார். பேத்தியின் காலடியில் அடிக்குறிப்பு கிடக்கவில்லையே என்றேன். பிரெஞ்சு வாசகரும் அவளோடு சேர்ந்து முழிக்கட்டும். அடுத்த வரியில் ஆயா பேத்தியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, இட்லித் தட்டை நகர்த்துகிறாள். புரிய வேண்டியது அங்கே புரிந்துவிடும்.

கதையில் மூன்றாம் நாள், பேத்தி வாசலில் நின்று ஆயாவை "வாடி!" என்று கூப்பிடுகிறாள். அதையும் நண்பர் பெயர்க்கவில்லை.