ரேப்பு ரா மாஸ்டர்

ஞாயிற்றுக்கிழமை பேப்பரை உதறியபோது ரோஸ் நிறத்தில் ஒரு நோட்டீஸ் விழுந்தது. செகந்திராபாத் பத்மாராவ் நகரில் எங்கள் வீட்டுப் பக்கம் புதிதாகத் தையல் கடை திறக்கிறார்களாம். குடும்பத்தினருக்கு பிளவுஸ், சுடிதார். ஆபீஸ் போகிறவர்களுக்கு பேண்ட் ஆல்ட்ரேஷன். கடைசி வரி கொட்டை எழுத்தில்: ‘சொன்ன தேதியில் டெலிவரி.’ எந்த மாதத்துத் தேதி என்று மட்டும் போடவில்லை.

கடைப் பெயர் எதற்கு? இந்த மாஸ்டர் எல்லாத் தெருவிலும் இருக்கிறார். முகம் அவருக்கு நினைவிருக்காது, தோள் மறக்காது. “இடது தோள் அரை இஞ்ச் இறக்கம், அந்த அம்மாதானே?” என்பார்.

வரலட்சுமி நோன்புக்கு இருபது நாள் முன்பே என் மனைவி பட்டுப் புடவையோடு வந்த பிளவுஸ் பிட்டைக் கொண்டுபோனாள். கூடவே அளவு ரவிக்கை. மாஸ்டர் அதை விரித்து, நாலு வருடத் துவைப்பில் இளகிப்போன கைக்குழியைத் தடவிப் பார்த்தார். “இது அளவு இல்லம்மா, ஞாபகம்” என்று ஓரமாக வைத்துவிட்டு டேப்பை எடுத்தார். பழைய ரவிக்கையை அப்படியே பார்த்து வெட்டினால் அதன் கோணலும் சேர்ந்து வந்துவிடுமாம்.

தொழிலில் குறை சொல்ல முடியாது. காட்டன் லைனிங்கை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்ட பிறகுதான் வெட்டுவார். இல்லாவிட்டால் முதல் துவைப்பில் லைனிங் சுருங்கும், மேலே பட்டு அப்பளம் போலக் குமிழும். இரண்டு பக்கமும் உள்ளே ஒரு இஞ்ச் துணி விட்டு, வரிசையாக மூன்று தையல் போடுவார். பின்னால் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். மனிதர்கள் மெலிவார்கள் என்று அவர் நம்புவதில்லை.

நேர்மையெல்லாம் துணியோடு சரி. காலண்டர் என்று வந்தால் மனிதர் வேறு.

தெலுங்கு ஊர்களில் ஒரு காலத்தில் பேய்க்குப் பயந்து வீட்டுக் கதவில் ‘ஓ ஸ்த்ரீ, ரேப்பு ரா’ என்று எழுதிவைப்பார்கள். ‘பெண்ணே, நாளைக்கு வா’ என்று அர்த்தம். பேய் தினமும் வந்து படித்துவிட்டு, நாளைக்கு வரலாம் என்று திரும்பிவிடும். மாஸ்டர் இதைக் கதவில் எழுதவில்லை, வாயால் சொன்னார். என் மனைவி நாலு நாள் படித்துவிட்டுத் திரும்பினாள்.

பேண்ட்டின் உயரத்தைக் குறைக்கக் கொடுத்த ஐ.டி. பையனுக்கு “பர்ஸோன்.” இந்தியில் அது நாளை மறுநாளும் ஆகும், முந்தாநாளும் ஆகும். ஹைதராபாத்தில் அதற்கு மேலும் நீளும்.

ஐந்தாம் நாள், “மிஷின்ல இருக்கும்மா” என்றார்.

“காட்டுங்க.”

முன்பக்கத் துண்டை எடுத்து நீட்டினார். டாட் பிடித்திருந்தது. அவ்வளவுதான். கையும் இல்லை, கழுத்துப் பட்டியும் இல்லை. அந்த டாட் தையல்கூடச் சூடாக இருந்த மாதிரி தோன்றியது. இவள் தெருமுனையில் திரும்பியபோது போட்டதாக இருக்கும்.

ஒரு பிளவுஸுக்கு அரை நாள் வேலைகூட இல்லை. ஆனால் வெட்டுவதற்கு மாஸ்டர் ஒருவர்தான். தைப்பது பீஸ் கணக்கில் கூலி வாங்கும் இரண்டு காரிகர்கள். ஹூக்கும் ஹெம்மிங்கும் அடுத்த தெருவில் ஒரு அம்மா வீட்டுக்குப் போய்வர வேண்டும். ஊரில் பாதிப் பேருக்கு அதே வெள்ளிக்கிழமை நோன்பு. வருகிற துணியை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. சொன்னால் எதிர்க்கடைக்குப் போய்விடுமே!

நாமும் யோக்கியமில்லை. பதினைந்தாம் தேதி விசேஷத்துக்கு எட்டாம் தேதியே வேண்டும் என்கிறோம். ஒரு வாரம் முன்கூட்டிச் சொல்கிறோம் என்று தெரிந்தே அவர் ஒரு வாரம் கழித்துக் கணக்குப் போடுகிறார். என் மனைவி மட்டும் உண்மைத் தேதியைச் சொல்லித் தொலைத்திருந்தாள்.

வியாழன் இரவு ஒன்பதரைக்குக் கடையில் இருபது பெண்கள். ஹூக் தைக்கும் அம்மாவுக்கு அன்று வீட்டில் சொந்த நோன்பு வேலை. மாஸ்டரே ஊசியைப் பிடித்துக்கொண்டு, யார் கண்ணையும் பார்க்காமல் ஹூக் தைத்துக்கொண்டிருந்தார். பத்தரைக்கு எங்கள் முறை வந்தது.

வீட்டில் போட்டுப் பார்த்தாள். தோளில் ஒரு சுருக்கமில்லை, கைக்குழியில் ஒரு இழுப்பில்லை. திட்டுவதற்காகச் சேர்த்துவைத்திருந்ததெல்லாம் வீணாயிற்று.

பிளவுஸ் சுற்றிவந்த காகிதத்தை நான்தான் பிரித்துப் பார்த்தேன். மீந்துபோன ரோஸ் நோட்டீஸ். ‘சொன்ன தேதியில் டெலிவரி’ என்ற வரியின் மேல், மறுநாள் வரச்சொன்ன யாரோ ஒருவரின் இடுப்பளவை பென்சிலால் குறித்துவைத்திருந்தார்.