எட்டை இருமுறை எண்ணியவர்கள்

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு ஆலை. பெயர் வேண்டாம். அதன் கணக்குப் பிரிவுக்குப் பொன்னாடை போர்த்தியே ஆகவேண்டும். ஒரே பையனின் தீபாவளி போனஸை மூன்று தரம் நறுக்கிவிட்டு, மூன்று தரமும் "சட்டப்படிதான் தம்பி" என்று முகம் மாறாமல் சொல்வது லேசான வேலையா?

தம்பி சேர்ந்தது 2024 ஆகஸ்ட் 1. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 18,000 ரூபாய். 2025 மார்ச்சில் கணக்காண்டு முடிந்தபோது எட்டு மாத வேலை. அந்த ஆண்டுக்கான போனஸ் சட்டப்படி, 21,000 வரை வாங்குபவருக்கு உரிமை உண்டு. ஆண்டில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும். குறைந்தது 8.33 சதவீதம் தரவேண்டும். பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது முழு ஆண்டு உழைத்தவருக்கு ஒரு மாதச் சம்பளம்.

முதல் வெட்டு சட்டமே போட்டது. 18,000 வாங்குபவர் போனஸ் வாசலில் 7,000 வாங்குபவராகக் குனிந்து நுழைய வேண்டும். வீட்டு வாடகை எந்த வாசலிலும் குனிவதில்லை.

இரண்டாவது வெட்டு, பாதி வரியோடு புத்தகத்தை மூடியதால் விழுந்தது. சட்டம் 7,000-இல் நிற்கவில்லை. "அல்லது அந்தத் தொழிலுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம், எது அதிகமோ அது" என்கிறது. அந்த ஊதியம் 10,000 என்றால் கணக்கும் 10,000-இல்தான் தொடங்கவேண்டும். நம் ஆட்களுக்கு 7,000 வரைதான் கண் தெரிந்தது.

மூன்றாவதுதான் கைவண்ணம். 7,000-ஐ எட்டால் பெருக்கினால் 56,000, அதில் 8.33 சதவீதம் 4,665. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "எட்டு மாசம்தானே வேலை பார்த்தே?" என்று அதையும் பன்னிரண்டால் வகுத்து எட்டால் பெருக்கி, 3,110 ரூபாயைக் கையில் வைத்தார்கள். வராத நான்கு மாதம் முதல் பெருக்கலிலேயே போய்விட்டது. கேட்டால் 13-ஆம் பிரிவைக் காட்டுகிறார்கள். அந்தப் பிரிவு குறைக்கச் சொல்வது 100 ரூபாய் என்ற அடிமட்டத் தொகையை, அதுவும் 8.33 சதவீதத்தைவிட அது அதிகமாக இருக்கும்போது மட்டும்.

குறைந்தபட்ச ஊதியம் 10,000 என்று வைத்து நேர்மையாகப் போட்டால் 6,664 ரூபாய். கொடுத்ததைவிட அமுக்கியது அதிகம். கூடவே ஒரு இனிப்புப் பெட்டி.

1936 ஜூலை 30 அன்று இதே ஊரில் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிக்கு 12 ஆலைத் தொழிலாளர்கள் பலியானார்கள். இப்போது தோட்டாச் செலவு மிச்சம், கால்குலேட்டர் போதும்.

தோழர்களே, போனஸ் பதிவேடான சி படிவத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்கள் வரியில் எட்டு இருமுறை வந்திருந்தால் அதைக் கணக்குப் பிழை என்று சொல்லாதீர்கள். ஆலைச் சொத்தைத் திருடி வேலைநீக்கம் ஆனவருக்கு போனஸ் கிடையாது என்கிறது அதே சட்டத்தின் 9-ஆம் பிரிவு. போனஸையே திருடுகிறவரின் சம்பளம் மட்டும் மாதம் முதல் தேதியில், ஒரு வெட்டும் இல்லாமல் வந்துவிடுகிறது.